இதய ஓட்டையை அடைத்த பிறகு பி.ஜே. வகுப்பு: டாக்டர் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும், எப்போது அது முடிய வேண்டும்?

பிள்ளையின் இதயத்தில் இருந்த ஓட்டையை அடைத்தாயிற்று. ஓரிரு வாரத்தில் பள்ளிக்கும் போகத் தொடங்கிவிட்டது. பார்ப்பதற்கு ஒன்றும் நடக்காததுபோல் இருக்கிறது. மார்பில் தழும்புகூட இல்லை. முதல் உடற்கல்வி வகுப்பு வரும்போதுதான் கேள்வி வருகிறது: ஓடலாமா, கூடாதா?

பினாங்கில் பல குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் சிக்கலானது. சிகிச்சை கோலாலம்பூரில் உள்ள தேசிய இதய மருத்துவக் கழகமான ஐ.ஜே.என்.-இல் நடந்திருக்கலாம். அடுத்தடுத்த பரிசோதனைகள் ஜோர்ஜ்டவுன் ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பினாங்கு பொது மருத்துவமனையிலோ தனியார் மருத்துவமனையிலோ நடக்கும். பள்ளியில் யாரிடம் எந்தக் காகிதத்தைக் கொடுப்பது என்பது கடைசியில் பெற்றோர் தலையில்தான் விழும்.

அதிகம் கேள்விப்படும் ஒரு சிகிச்சையை வைத்தே இதைப் பார்ப்போம். இதயத்தின் மேல் இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் இருக்கும் ஓட்டையை, நெஞ்சைத் திறக்காமல், குழாய் வழியாக ஒரு கருவியை அனுப்பி அடைக்கும் சிகிச்சை அது. அந்த ஓட்டையை டாக்டர்கள் ஏ.எஸ்.டி. என்பார்கள்.

எம்.சி. வேறு, விலக்குக் கடிதம் வேறு

மருத்துவமனையை விட்டு வரும்போது கையில் ஓர் எம்.சி. கொடுப்பார்கள். பிள்ளை இத்தனை நாள் பள்ளிக்கு வராது என்பதற்கு மட்டும்தான் அது ஆதாரம். அந்த நாள் முடிந்து பிள்ளை பள்ளி வாசலை மிதித்ததும் எம்.சி.யின் வேலை முடிந்துவிடுகிறது. பி.ஜே. டீச்சரைப் பொறுத்தவரை அவர் முன்னால் நிற்பது மற்ற பிள்ளைகளைப்போல ஒரு பிள்ளை.

விளையாட்டிலிருந்து விலக்கு வேண்டுமென்றால் தனியாக ஒரு கடிதம் வேண்டும். இதற்கு முழு மருத்துவ அறிக்கை தேவையில்லை. அரசு மருத்துவமனையில் மருத்துவ அறிக்கைக்கு மனு செய்து, கட்டணம் கட்டி, காத்திருக்க வேண்டும். பள்ளிக்குத் தேவைப்படுவது டாக்டர் கிளினிக்கிலேயே எழுதித் தரக்கூடிய ஒரு பக்கக் கடிதம்தான். “பள்ளிக்கு ஒரு லெட்டர் வேணும் டாக்டர், பி.ஜே.வுக்கு” என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். அடுத்த சந்திப்புக்குச் சில மாதங்கள் ஆகலாம்.

ஐ.ஜே.என்.-இல் சிகிச்சை செய்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் குறிப்பு பெரும்பாலும் முதல் சில வாரங்களுக்கானது. மீதி மாதங்களுக்கான கடிதத்தை இங்கே தொடர்ந்து பார்க்கும் டாக்டர் எழுத வேண்டியிருக்கும். கோலாலம்பூரில் கொடுத்த சிகிச்சைச் சுருக்கத்தின் நகல் அவர் கையில் இருந்தால்தான் தயங்காமல் எழுதுவார்.

ஆறு மாதம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

தொடையின் மேற்பகுதியில் உள்ள இரத்த நாளத்தில் சிறு துளையிட்டு, மெல்லிய குழாயை இதயம் வரை கொண்டுபோகிறார்கள். குழாய்க்குள் மடிந்திருக்கும் கருவி, ஓட்டையைத் தாண்டியதும் குடைபோல விரிகிறது. சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு வட்டு, அந்தப் பக்கம் ஒரு வட்டு, நடுவில் குட்டையான இடுப்பு. நிக்கலும் டைட்டேனியமும் கலந்த மெல்லிய கம்பிவலை அது. நெஞ்சைத் திறக்காமல் இந்த ஓட்டையை அடைக்க முடியும் என்று 1975-இல் அமெரிக்காவில் கிங், மில்ஸ் என்ற இரு மருத்துவர்கள் செய்து காட்டினார்கள். இன்று பரவலாகப் பயன்படும் வகைக் கருவிக்கு அங்கே அனுமதி கிடைத்தது 2001-இல்.

கருவி சுவரைக் கவ்விப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. தையல் எதுவும் கிடையாது. இடம் நழுவுவது அரிது. அப்படி நழுவினாலும் பெரும்பாலும் முதல் ஒரு நாளுக்குள்ளேயே நடந்துவிடும். அதனால்தான் மறுநாள் எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

பிறகு நடப்பது மெதுவான வேலை. உடம்பு தன் சொந்தத் திசுவை அந்தக் கம்பிவலைமீது கொஞ்சம் கொஞ்சமாகப் படரவிடுகிறது. இது முழுமையாக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அதுவரை கம்பி இரத்தத்தில் நேரடியாகப் படுகிறது. அதில் இரத்தம் உறையலாம் என்பதால் ஆஸ்பிரின் கொடுக்கிறார்கள். கிருமி ஒட்டலாம் என்பதால் பல் சிகிச்சையில் எச்சரிக்கை வேண்டும் என்கிறார்கள். நெஞ்சில் பலமான அடி விழக்கூடாது என்பதும் இந்தக் காலத்துக்குத்தான். கடிதத்தில் உள்ள தடைகள் எல்லாம் இங்கிருந்து வருகின்றன. திசு மூடிய பிறகு அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமே இருக்காது.

விளையாட்டு வீரர்களுக்கான மருத்துவ வழிகாட்டிகளும் இதே கணக்கில்தான் பேசுகின்றன. சிகிச்சை முடிந்து மூன்று முதல் ஆறு மாதத்துக்குப் பிறகு, நுரையீரல் இரத்த அழுத்தம் இயல்பாகவும், இதயத் துடிப்புக் கோளாறு இல்லாமலும், இதயத் தசை நன்றாகவும் இருந்தால், போட்டி விளையாட்டு உட்பட எதிலும் கலந்துகொள்ளலாம் என்று அவை சொல்கின்றன. நடைமுறை மருத்துவமனைக்கு மருத்துவமனை கொஞ்சம் மாறும். சில இடங்களில் ஒரு மாதத்திலேயே லேசான விளையாட்டுக்கு விடுவார்கள். சில இடங்களில் ஆறு மாதம் முழுக்கக் காத்திருக்கச் சொல்வார்கள். உங்கள் பிள்ளைக்கு எது என்பதை அதன் எக்கோவைப் பார்த்த டாக்டர்தான் சொல்ல முடியும்.

ஒரு கடிதத்தைப் பிரித்துப் பார்ப்போம்

நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்காகச் சொல்லும் உதாரணம்தான். மார்ச் 10-ஆம் தேதி சிகிச்சை, 11-ஆம் தேதி வீடு, 24-ஆம் தேதி வரை எம்.சி. அவளுக்கு எழுதக்கூடிய மிக மோசமான கடிதம் ஒரே வரிதான்: “இதய நோயாளி. விளையாட்டு நடவடிக்கைகளிலிருந்து விலக்கு அளிக்கவும்.”

இந்த வரியைப் படிக்கும் டீச்சர் என்ன செய்வார்? பயந்துபோய் அவளைத் திடலோரம் மரத்தடியில் உட்கார வைப்பார். எதுவரை என்று எழுதவில்லை என்பதால் ஐந்தாம் ஆண்டிலும் ஆறாம் ஆண்டிலும் அதே மரத்தடிதான். டீச்சரைக் குறை சொல்ல முடியாது, கடிதம் அவருக்கு வேறு வழி விடவில்லை.

அதே மாணவிக்கு நல்ல கடிதம் இப்படி இருக்கும். மார்ச் 10-இல் எந்த ஓட்டை எந்த முறையில் அடைக்கப்பட்டது என்று ஒரு வாக்கியம். ஏப்ரல் 10 வரை பி.ஜே. பயிற்சி எதுவும் வேண்டாம். வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாம், சாதாரணமாக நடக்கலாம், மாடிப்படி ஏறலாம் என்று இன்னொரு வாக்கியம். ஏப்ரல் 10 முதல் செப்டம்பர் 10 வரை நடை, உடலை நீட்டும் பயிற்சி, மெதுவான பந்து எறிதல், போட்டியில்லாத பூப்பந்து ஆகியவை செய்யலாம். கால்பந்து, தேக்வாண்டோ போன்று மோதல் உள்ளவை, குறுக்கோட்டம், இல்ல விளையாட்டுப் பயிற்சி ஆகியவை கூடாது. கனமான பொருளைத் தூக்கக் கூடாது. செப்டம்பர் 10-ஐ ஒட்டி மறுபரிசோதனை. அதற்குப் பிறகு புதிய கடிதம் தரப்படும் என்று கடைசி வரி. கீழே டாக்டரின் பெயர், முத்திரை, கிளினிக் தொலைபேசி எண்.

‘செய்யலாம்’ என்ற பகுதி இல்லாத கடிதம் பாதிக் கடிதம்தான் என்பது என் கருத்து. ‘கூடாது’ மட்டும் எழுதியிருந்தால், அதில் எழுதாததையும் சேர்த்துத் தடுப்பதுதான் பள்ளிக்குப் பாதுகாப்பாகத் தெரியும்.

கனமான பொருள் என்றதும் விளையாட்டை மட்டும் நினைக்காதீர்கள். கோத்தோங் ரோயோங் நாளில் மேசை தூக்குவதும் அதில் சேரும். மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரத்தைத் தூக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் சட்டென்று ஏறி இறங்கும். முதல் ஒரு வாரம் தொடைக் காயத்துக்காகவும் பாரம் தூக்கக்கூடாது, குந்தக்கூடாது, சைக்கிள் மிதிக்கக்கூடாது, நீச்சல் கூடாது. புத்தகப் பையின் கனம் நம் ஊரில் தெரிந்த கதைதான். கொஞ்ச நாளைக்கு அதை நீங்களே வகுப்பறை வரை தூக்கிப்போக அனுமதி கேளுங்கள்.

கடிதம் தலைமையாசிரியர் பெயருக்கு இருக்கட்டும். நகல்கள் வகுப்பாசிரியர், பி.ஜே. ஆசிரியர், புறப்பாடத் துணைத்தலைமையாசிரியர் மூவருக்கும் போக வேண்டும். கடைசியாகச் சொன்னவரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விளையாட்டுப் போட்டிக்கும் குறுக்கோட்டத்துக்கும் பெயர்ப் பட்டியல் பெரும்பாலும் அவர் பக்கத்திலிருந்துதான் வரும். ஓர் அசல் எப்போதும் உங்களிடம் இருக்கட்டும்.

செகாக் தேர்வும் புறப்பாட மதிப்பெண்ணும்

நான்காம் ஆண்டு என்று சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. தேசிய உடல் தகுதித் தேர்வான செகாக் அந்த ஆண்டில்தான் தொடங்குகிறது. ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும். மூன்று நிமிடம் பலகையில் ஏறி இறங்கி, உடனே நாடித்துடிப்பை எண்ண வேண்டும். பிறகு தண்டால், பாதி எழுந்து உட்காரும் வயிற்றுப் பயிற்சி, உட்கார்ந்தபடி கையை முன்னால் நீட்டுவது. உயரமும் எடையும் எடுப்பார்கள்.

நம் மாணவி ஆறு மாதக் காலத்துக்குள் இருக்கும்போது செகாக் வந்தால், ஏறி இறங்குவதும் தண்டாலும் டாக்டரின் சொல் இல்லாமல் செய்யக்கூடாது. உயரம், எடை எடுப்பதில் எந்தத் தடையும் இல்லை. ஆகவே கடிதத்தில் ‘செகாக்’ என்ற சொல்லையே எழுதச் சொல்லுங்கள். ‘விளையாட்டு’ என்று மட்டும் இருந்தால் தேர்வு அதில் அடங்குமா என்று பள்ளியில் குழப்பம் வரும்.

விளையாட்டு, கழகம், சீருடை இயக்கம் ஆகியவற்றில் மாணவரின் பங்கேற்பு பதிவு செய்யப்படுகிறது. பின்னாளில் அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவில் புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு மதிப்பு உண்டு என்பதால் பெற்றோர் பதறுவது இயல்பு. நான்காம் ஆண்டில் ஆறு மாதம் ஓடாமல் இருந்ததால் அங்கே எதுவும் கெட்டுவிடாது. ஆனால் ஒன்று செய்யுங்கள். பிள்ளை வராமல் போனதாகப் பதிவாகிறதா, மருத்துவ விலக்கு என்று பதிவாகிறதா என்று ஆசிரியரிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அதே விளையாட்டு மன்றத்தில் புள்ளி எழுதுபவராக, நேரம் குறிப்பவராக அவளைச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்றும் கேளுங்கள். திடலில் ஏதோ ஒரு வேலை இருக்கும் பிள்ளை, மரத்தடியில் உட்காரும் பிள்ளை அல்ல.

பல் மருத்துவக் குழு வரும் நாள்

விளையாட்டைப் பற்றிய கடிதத்தில் பல்லுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். நம் பள்ளிகளுக்கு அரசாங்கப் பல் மருத்துவக் குழு வந்து, பிள்ளைகளின் பல்லைப் பார்த்து, தேவைப்பட்டால் அங்கேயே பிடுங்கவும் அடைக்கவும் செய்கிறது. பல் பிடுங்கும்போது வாயில் உள்ள கிருமிகள் இரத்தத்தில் கலக்கும். சாதாரணமாக உடம்பு அவற்றைச் சில நிமிடத்தில் அழித்துவிடும். ஆனால் திசு இன்னும் மூடாத கம்பிவலை இதயத்தில் இருந்தால் கிருமி அதில் ஒட்டி வளர வாய்ப்பு உண்டு. இதய உள்ளுறைத் தொற்று அரிதானது, ஆனால் மிகக் கடுமையானது.

அதனால் கருவி பொருத்திய முதல் ஆறு மாதத்துக்குள் பல் பிடுங்குவது போன்ற சிகிச்சை என்றால், முன்கூட்டியே ஒரு வேளை ஆண்டிபயோட்டிக் கொடுப்பது வழக்கம். ஓரத்தில் கசிவு மிச்சம் இருந்தால் அது ஆறு மாதத்துக்குப் பிறகும் தொடரும். பெற்றோர் பள்ளியில் இல்லாத நாளில் இந்தக் குழு வரும் என்பதுதான் இங்கே பிரச்சினை. ஆகவே பல் சிகிச்சைக்கான அனுமதிப் படிவத்தில் இதைக் குறித்துவிடுங்கள். அதே வரி டாக்டர் கடிதத்திலும் இருக்கட்டும். இந்தக் காலத்தில் பல் துலக்குவதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

டீச்சர் எதைக் கவனிக்க வேண்டும்?

பள்ளியைப் பயமுறுத்த வேண்டியதில்லை. ஆனால் சில அறிகுறிகளைக் கடிதத்திலோ உங்கள் கைப்பட எழுதிய சிறு குறிப்பிலோ சொல்லிவையுங்கள். மயங்கி விழுவது, நெஞ்சு வலிக்கிறது என்று சொல்வது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, முகம் வெளிறி வியர்ப்பது, நெஞ்சு படபடவென்று அடித்து நிற்காமல் போவது. இவற்றில் எது நடந்தாலும் ‘கொஞ்சம் படுக்கட்டும்’ என்று ஓய்வறைக்கு அனுப்பாமல் 999-ஐ அழைக்க வேண்டும். அதற்குப் பிறகு உங்களை அழைக்கலாம்.

காரணம் இதுதான். மிக அரிதாக, கருவியின் விளிம்பு இதயச் சுவரை உரசி அரித்துவிடும். ஆயிரம் பேரில் சுமார் ஒருவர் முதல் மூவர் வரை என்று கணக்கிடுகிறார்கள். பெரும்பாலும் சிகிச்சை முடிந்த சில நாளில் தெரிந்துவிடும். ஆண்டுகள் கழித்தும் நடந்தது உண்டு. அதனால்தான் விலக்கு முடிந்த பிறகும் இந்த அறிகுறிப் பட்டியல் பள்ளிக் கோப்பில் இருக்க வேண்டும் என்கிறேன்.

காய்ச்சலைத் தனியாகச் சொல்ல வேண்டும். பினாங்கில் காய்ச்சல் என்றாலே டெங்கி ஞாபகம் வரும். பிள்ளை ஆஸ்பிரின் சாப்பிடும் மாதங்களில் டெங்கி வந்தால் இரத்தக்கசிவு அபாயம் கூடும். மறுபக்கம், இறங்காத காய்ச்சல் இதயத் தொற்றாகவும் இருக்கலாம். இரண்டையும் வீட்டிலிருந்து பிரித்தறிய முடியாது. மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகத் தொடரவும் வேண்டாம். அன்றே டாக்டரைக் கேளுங்கள், எந்தக் கருவி எப்போது பொருத்தப்பட்டது என்று சொல்லுங்கள்.

செப்டம்பர் 10-க்குப் பிறகு

நம் உதாரண மாணவிக்கு மறுபரிசோதனை நாள் வருகிறது. எக்கோவில் மூன்று விஷயம் பார்ப்பார்கள்: கருவி இடத்தில் இருக்கிறதா, ஓரத்தில் கசிவு உண்டா, ஓட்டை இருந்த காலத்தில் பெருத்திருந்த வலது பக்க அறைகள் சுருங்கி வருகின்றனவா. துடிப்பைப் பார்க்க இ.சி.ஜி. எடுப்பார்கள். டாக்டருக்குச் சந்தேகம் இருந்தால் டிரெட்மில்லில் நடக்க வைத்துப் பார்ப்பார். எல்லாம் சரி என்றால் பெரும்பாலும் ஆஸ்பிரின் நிற்கும்.

அந்த அறையிலிருந்து வெளியே வருவதற்கு முன்னால் இரண்டாவது கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். “இன்று முதல் எல்லா உடற்கல்வி, விளையாட்டு நடவடிக்கைகளிலும் கலந்துகொள்ளலாம்” என்ற ஒரு வரி போதும். விலக்குக் கடிதத்தை வாங்குவதில் காட்டும் அவசரத்தை இதற்கு யாரும் காட்டுவதில்லை. டாக்டர் வாயால் “ஓகே, ஓடலாம்” என்கிறார். வீட்டில் பாட்டி “எதுக்கு வம்பு, அப்படியே இருக்கட்டும்” என்கிறார். பள்ளிக் கோப்பில் பழைய கடிதம் அப்படியே கிடக்கிறது. பிள்ளை ஓடாமலே இரண்டு வருடம் ஓடிவிடுகிறது.

இதில் இழப்பு இல்லை என்று நினைக்காதீர்கள். பிறவி இதயக் கோளாறு உள்ளவர்களை உடற்பயிற்சி செய்ய ஊக்குவிக்க வேண்டும், தடை தேவைப்படுவது சிலருக்குத்தான் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2013-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. காரணமில்லாமல் உட்கார வைக்கப்பட்ட பிள்ளைக்கு எடை கூடும், மூச்சு சீக்கிரம் வாங்கும், அதைப் பார்த்து ‘இதயம் இன்னும் சரியாகலை’ என்று எல்லோரும் நம்பத் தொடங்குவார்கள். அமெரிக்கப் பனிச்சறுக்கு வீரர் ஷான் வைட் இதைவிடக் கடுமையான பிறவிக் கோளாறோடு பிறந்து, கைக்குழந்தையாக இருக்கும்போதே திறந்த இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். 2006, 2010, 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். எல்லாப் பிள்ளைக்கும் அது அளவுகோல் அல்ல. ‘இதயத்தில் கை வைத்தாயிற்று, இனி விளையாட்டே கிடையாது’ என்ற பேச்சுக்கு மட்டும் அது பதில்.

ஆறு மாதம் ஓய்ந்திருந்த பிள்ளை முதல் நாளே குறுக்கோட்டத்தில் ஓடக்கூடாது என்பது வேறு விஷயம். இரண்டு மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டட்டும். வெயில் ஏறிய நேரத்தில் தண்ணீர்ப் புட்டி கையில் இருக்கட்டும்.

உங்கள் பிள்ளைக்கு நடந்தது வேறு சிகிச்சை என்றால்

மேலே சொன்ன தேதிக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நெஞ்சைத் திறந்து செய்த அறுவை சிகிச்சை என்றால், மார்பெலும்பு ஒட்டுவதற்கே ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். மோதல் உள்ள விளையாட்டுக்குச் சுமார் மூன்று மாதம் பொறுக்கச் சொல்வது வழக்கம். துடிப்புக் கோளாறுக்காகக் குழாய் வழியாகச் செய்யும் அப்லேஷனில் உள்ளே கருவி எதுவும் தங்காது என்பதால் பல பிள்ளைகள் சில வாரத்திலேயே திடலுக்குத் திரும்பிவிடுவார்கள். பேஸ்மேக்கர் பொருத்திய பிள்ளைக்கு, அந்தப் பெட்டியில் அடி விழக்கூடிய விளையாட்டுகளில் தடை நீண்ட காலம் இருக்கலாம். நுரையீரல் இரத்த அழுத்தம் குறையாத பிள்ளைகளுக்கும் அப்படித்தான். நீண்ட காலத் தடையாக இருந்தாலும் கடிதத்தில் ஒரு தேதி வேண்டும். மறுபரிசோதனை தேதியாக அது இருக்கட்டும், ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கட்டும்.

பள்ளி மாறும்போது கோப்பு தானாகப் போய்ச் சேரும் என்று நம்பி இருக்காதீர்கள். முதலாம் படிவத்தில் சேரும் நாளில் சிகிச்சைச் சுருக்கம், கடைசி எக்கோ முடிவு, விளையாடலாம் என்ற கடிதம் மூன்றின் நகலையும் நீங்களே கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். பதிவுப் படிவத்தில் நோய் விவரம் கேட்கும் இடத்தில் ‘இதய நோய்’ என்று மட்டும் எழுதாமல், “ஏ.எஸ்.டி., அடைக்கப்பட்டது, விளையாட்டுக்குத் தடை இல்லை” என்று எழுதி, எந்த ஆண்டில் அடைக்கப்பட்டது என்பதையும் சேர்த்துவிடுங்கள்.